பழைய பில்லைக் கிழிக்காதீர்கள்

டிசம்பர் 18-ஆம் தேதி மாலை. ஜிஎஸ்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர்.

"மேடம், நீங்க ரத்து பண்ணியாச்சுன்னு சொன்ன பில்லை நான் எங்க புக்ல இருந்து எடுத்துட்டேன். எடுத்த இன்புட்டையும் ரிவர்ஸ் பண்ணப் போட்டு வெச்சிருக்கேன். ஆனா 2பி-ல அதே 27,540-ஐ அதுவும் கழிச்சுக் காட்டுதுங்க. ரெண்டு தடவை கழியுதே, இது எப்படிங்க?"

தவறு அவருடையது இல்லை. மூன்று வாரம் முன்பு நாங்கள் அனுப்பிய செய்தியில் என்ன எழுதியிருந்ததோ, அதை அவர் அப்படியே செய்திருந்தார். தவறு அந்தச் செய்தியில் இருந்தது. அதை எழுதியவள் நான்.

நான் கணக்கு பார்க்கும் நிறுவனம் கோயம்புத்தூரில் இருக்கிறது. ஏர் கம்ப்ரசர்களுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர்கள். அந்தத் திருப்பூர் பார்ட்டியிடம் போன வருடம் 18 கம்ப்ரசர்கள் இருந்தன. இந்த வருடம் ஆறை விற்றுவிட்டார்கள், ஒப்பந்தம் 12-க்குத்தான். ஒன்றுக்கு 8,500 ரூபாய். 2025 அக்டோபர் 14 அன்று பில் போட்ட பெண், போன வருடப் பில்லைப் பிரதியெடுத்துத் தேதியை மட்டும் மாற்றினாள். 18 அப்படியே நின்றுவிட்டது. எனவே 1,02,000 ரூபாய்க்குப் போக வேண்டிய பில் 1,53,000 ரூபாய்க்குப் போனது. 18 சதவீத வரி 27,540 சேர்த்து மொத்தம் 1,80,540. சரியான கணக்கு 1,02,000-உம் வரி 18,360-உம் சேர்த்து 1,20,360.

பில்லிங்கில் இது அன்றாடம் நடக்கிற தவறு. நவம்பர் 24 அன்று பார்ட்டியின் பணம் அனுப்பும் பிரிவில் இருப்பவர் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாளே பழைய பில் முழுவதற்கும் ஒரு கிரெடிட் நோட் போட்டோம். சரியான தொகைக்குப் புதிய பில்லும் போட்டோம். இரண்டையும் இணைத்து இந்தச் செய்தியை அனுப்பினேன்:

"அன்புடையீர், தவிர்க்க முடியாத காரணங்களால் தங்களுக்கு அனுப்பிய பில்லில் சிறு பிழை நேர்ந்துவிட்டது. அந்தப் பில் ரத்து செய்யப்பட்டது. தயவுசெய்து அதைப் புறக்கணிக்கவும். கிரெடிட் நோட்டும் திருத்திய பில்லும் இணைக்கப்பட்டுள்ளன. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. அலுவலகங்களில் இப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது. எப்படி என்று புரிய, பில் போன பாதையை ஒருமுறை பின்தொடர வேண்டும்.

இருவரும் மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்கள். அக்டோபரில் போட்ட பில்லை நாங்கள் நவம்பர் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைப் பட்டியலில் ஏற்றிவிட்டோம். நவம்பர் 14 அன்று அது பார்ட்டியின் ஜிஎஸ்டிஆர்-2பி-இல் தெரிந்தது. 2பி என்பது, "உங்களுக்கு விற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இவ்வளவு வரியை உங்கள் பெயரில் காட்டியிருக்கிறார்கள்" என்று போர்ட்டல் தயாரித்துத் தரும் பட்டியல். அதைப் பார்த்து நவம்பர் 20-க்குள் அவர்கள் தங்கள் மாதக் கணக்கில் 27,540 ரூபாயை இன்புட்டாக எடுத்தார்கள். அதாவது, தாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டார்கள். நாங்களும் எங்கள் பக்கம் 27,540-ஐ வரியாகக் கட்டினோம்.

ஆக, தவறு தெரிய வந்த நவம்பர் 24-இல் அந்தப் பில் ஏற்கெனவே நான்கு இடங்களில் பதிவாகியிருந்தது: எங்கள் புத்தகம், அவர்கள் புத்தகம், எங்கள் தாக்கல், அவர்கள் தாக்கல். இதில் எதையும் பின்னோக்கிப் போய் அழிக்க முடியாது. ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்கள் போடும் இ-இன்வாய்ஸைக்கூட, பதிவான 24 மணி நேரத்துக்குள்தான் அந்தத் தளத்தில் ரத்து செய்யலாம். மற்றவர்களும் பில் பார்ட்டிக்குப் போகும் முன், பட்டியலில் ஏறும் முன் என்றால் மாற்றலாம். தாக்கல் முடிந்த பில்லுக்கு ரத்து என்று ஒன்று கிடையாது. அந்தப் பில் இருந்துகொண்டே இருக்கும். அதற்கு எதிராக இன்னொரு சீட்டைப் போட்டு அதன் விளைவைச் சரிசெய்வது மட்டுமே வழி. அந்தச் சீட்டுத்தான் கிரெடிட் நோட். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது: பில்லில் போட்ட மதிப்போ வரியோ கூடுதலாக இருந்தால், விற்றவர் கிரெடிட் நோட் தரலாம்.

இப்போது என் செய்தியைத் திரும்பப் படியுங்கள். "ரத்து செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தேன். நடந்தது ரத்து இல்லை. "புறக்கணிக்கவும்" என்று எழுதியிருந்தேன். புறக்கணிக்கச் சொன்னதால் கணக்காளர் பழைய பில்லைப் புத்தகத்திலிருந்து நீக்கினார். நீக்கியதால், ஏற்கெனவே எடுத்த இன்புட் 27,540-ஐயும் இந்த மாதக் கணக்கில் கையால் திருப்பிப் போட எழுதிவைத்தார். அது பொறுப்பான கணக்காளர் செய்கிற காரியம். இதற்கிடையே நாங்கள் டிசம்பர் 11-இல் ஏற்றிய கிரெடிட் நோட், டிசம்பர் 14-இல் அவருடைய 2பி-க்குத் தானாகவே போய் அதே 27,540-ஐக் கழித்தது.

கூட்டிப் பாருங்கள். நவம்பரில் எடுத்தது 27,540. கையால் திருப்பியது 27,540. கிரெடிட் நோட் கழித்தது இன்னொரு 27,540. புதிய பில்லால் வந்தது 18,360. அவருக்கு நியாயமாகக் கையில் நிற்க வேண்டியது 18,360. நின்றதோ, 9,180 குறைவில். அந்தத் தாக்கல் அப்படியே போயிருந்தால் 27,540 ரூபாய் அவர்கள் கையைவிட்டுப் போயிருக்கும். யாராவது ஆண்டு இறுதியில் புத்தகத்தையும் 2பி-ஐயும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தால் உண்டு.

இதே வார்த்தையை வேறொரு கணக்காளர் வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சொன்னால்தான் ஒரு சொல்லின் சேதம் எவ்வளவு என்று தெரியும். ஜிஎஸ்டி போர்ட்டலில் 2024 அக்டோபர் முதல் ஐ.எம்.எஸ். என்ற பலகை இருக்கிறது. நமக்கு வரும் ஒவ்வொரு பில்லையும் கிரெடிட் நோட்டையும் அங்கே பார்த்து ஏற்கலாம், நிராகரிக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். பழைய பில் சமாச்சாரம் முடிந்துபோனது என்று நினைக்கும் ஒருவர், அது தொடர்பாக வரும் கிரெடிட் நோட்டைப் பார்த்து, "இதுவும் அந்த ரத்தான பில்லோடதுதானே" என்று நிராகரித்துவிடக்கூடும். அப்படிச் செய்தால் அவருக்கு இன்புட் 27,540-உம் இருக்கும், புதிய பில்லின் 18,360-உம் சேரும், மொத்தம் 45,900. எங்களுக்கோ, நாங்கள் கழித்த 27,540-ஐ அடுத்த மாதக் கணக்கில் போர்ட்டல் மறுபடி வரிப் பாக்கியாக ஏற்றிவிடும். ஒரே வேலைக்கு நாங்கள் 45,900 ரூபாய் வரி கட்டியவர்கள் ஆவோம். 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 34-ஆம் பிரிவில் செய்த திருத்தம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: வாங்கியவர் எடுத்த இன்புட்டைத் திருப்பாவிட்டால், விற்றவர் கிரெடிட் நோட்டைக் காட்டித் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இரண்டு வழியிலும் சேதம் அதே 27,540தான். முதலாவதில் வாங்கியவர் இழக்கிறார், இரண்டாவதில் விற்றவர் இழக்கிறார். என் செய்தியோ இந்த இரண்டில் எதற்கும் இடம் கொடுத்தது. சரியானதை மட்டும் சொல்லவில்லை.

அந்தச் செய்தியில் இருந்த இன்னொரு சொல் "திருத்திய பில்". இதைப் பலர் பில்லின் தலையிலேயே அச்சடிக்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தில் திருத்திய பில் என்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. ஒருவருக்குப் பதிவு நடைமுறைக்கு வந்த தேதிக்கும் சான்றிதழ் கைக்கு வந்த தேதிக்கும் இடையில் அவர் போட்ட பில்களுக்குப் பின்னால் தருவதுதான் அது. நாங்கள் தந்தது அது இல்லை. புதிய எண், புதிய தேதி கொண்ட சாதாரண டாக்ஸ் இன்வாய்ஸ். "பில் 118/25-26-க்கு மாற்றாக" என்று அதில் ஒரு வரி எழுதினால் போதும். பழைய எண்ணையே திரும்பப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு நிதியாண்டில் ஒரு எண் ஒரு பில்லுக்குத்தான் என்பதால் போர்ட்டல் அதை ஏற்காது. தேதியையும் பின்தள்ளி அக்டோபர் 14 என்று போட முடியாது. போட்ட நாள்தான் தேதி.

இந்த இடத்தில் என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தவறுக்கு உண்மையில் முழு கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் தேவையே இல்லை. கூடுதலாகப் போட்டது ஆறு கம்ப்ரசர். அந்த ஆறுக்கு மட்டும், 51,000-உம் வரி 9,180-உம் சேர்த்து 60,180 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட் போட்டால் வேலை முடிந்தது. பழைய பில் நிற்கும், இன்புட்டில் 9,180 குறையும், பார்ட்டி 1,20,360 கட்டினால் கணக்கு நேராகும். சட்டத்துக்கும் அதுவே நெருக்கமான வழி. சேவைக்கான பில்லை வேலை முடிந்த 30 நாளுக்குள் போட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. புதிய பில் போடும்போது அதன் தேதி பின்னால் போய்விடுவதால், வரி முன்பே கட்டப்பட்டதுதான் என்று காட்டப் பழைய பில்லின் எண்ணைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பிறகு ஏன் செய்தோம்? பார்ட்டி கேட்டார்கள். அவர்களுடைய மென்பொருளில் ஆர்டரும் பில்லும் வரிக்கு வரி பொருந்தினால்தான் பணம் போகும். ஆர்டரில் 12, பில்லில் 18 என்றால், பக்கத்தில் எத்தனை கிரெடிட் நோட் இருந்தாலும் அது ஒத்துக்கொள்ளாது. வேறு சில தவறுகளில் புதிய பில் தவிர்க்கவே முடியாது. பார்ட்டிக்குத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தனித்தனிப் பதிவு இருந்து, பெங்களூர் கிளைக்குப் போக வேண்டிய பில் 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணில் போய்விட்டது என்றால், தொகை சரியாகவே இருந்தாலும் முழுதாகக் கழித்து 29 என்று தொடங்கும் எண்ணில் புதிதாகத்தான் போட வேண்டும். தொகை மாறாததால் அங்கே குழப்பம் இன்னும் அதிகம். "அதே ரூபாய்க்கு எதற்கு இரண்டு பில்?" என்று முதலாளி கேட்பார்.

முதலாளி என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது. அந்த முதல் செய்தி போன அன்று தொழிற்சாலை உரிமையாளரே எங்களுக்குப் பேசினார். "கிரெடிட் நோட்டுன்னு போட்டிருக்கீங்களே, அப்ப நான் உங்களுக்கு இன்னும் கொடுக்கணுமா?" என்று கேட்டார். சிரிக்கிற விஷயம் இல்லை இது. கடைத்தெருவில் கிரெடிட் என்றால் கடன். கணக்கில் அது வரவு. அவர் பெயரில் இருந்த பாக்கியில் 1,80,540-ஐ நாங்கள் வரவு வைத்துக் கழித்துவிட்டோம் என்பதற்கான சீட்டு. கணக்குப் படிக்காதவர் அந்தச் சொல்லை வைத்து நேர் எதிராகப் புரிந்துகொள்வது இயல்பு. அவர் கைக்கு இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்றில் 1,80,540, இன்னொன்றில் 1,20,360. எதைக் கட்ட வேண்டும், இரண்டையுமா, ஒன்றையுமே வேண்டாமா என்று சொல்லும் ஒரு வரிகூட என் செய்தியில் இல்லை.

அன்று உரிமையாளருக்கு வாயால் பதில் சொல்லிவிட்டு விட்டேன். அப்போதே செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்பியிருந்தால் டிசம்பர் 18-இல் அந்த அழைப்பு வந்திருக்காது.

இந்தச் செய்திக்கு இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அன்று மாலைதான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஒருவர் பணம் கொடுக்கிறவர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: 1,20,360. இன்னொருவர் கணக்கு எழுதுகிறவர். அவருக்கும் ஒரே ஒரு எண்தான் வேண்டும், ஆனால் அது வேறு எண்: 9,180. நவம்பர் மாதக் கணக்கில் எங்கள் பெயரில் அவருடைய இன்புட் நிகரமாக அவ்வளவுதான் குறைய வேண்டும். கிரெடிட் நோட் 27,540-ஐக் கழிக்கிறது, புதிய பில் 18,360-ஐச் சேர்க்கிறது, மிச்சம் 9,180 குறைவு. இந்த எண்ணை நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால், 2பி-ஐத் திறந்த நிமிடத்திலேயே "சரியாக வந்திருக்கிறது, நான் எதையும் கையால் தொட வேண்டியதில்லை" என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவரைத் திருத்த ஒரு பத்தி விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு எண் போதுமானதாக இருந்திருக்கும்.

அன்று இரவு திரும்ப எழுதிய செய்தி இது. தலைப்பு வரியிலேயே முதல் வாசகருக்கான பதிலை வைத்தேன், கைப்பேசியில் செய்தியைத் திறக்காமலே தெரிய வேண்டும் என்பதற்காக.

பொருள்: பில் 118/25-26-இல் எங்கள் தவறு. நீங்கள் கட்ட வேண்டியது ரூ.1,20,360 மட்டும்

"வணக்கம் ஐயா. அக்டோபர் 14 அன்று நாங்கள் அனுப்பிய 118/25-26 எண் பில்லில், 12 கம்ப்ரசர்களுக்குப் பதிலாக 18 என்று போட்டுவிட்டோம். போன வருடப் பில்லைப் பிரதியெடுத்தபோது எண்ணிக்கையை மாற்றத் தவறிவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்களுக்குக் கட்ட வேண்டிய தொகை ரூ.1,20,360. இது இத்துடன் உள்ள 161/25-26 எண் பில்லுக்கானது. 118-க்கு எதுவும் கட்ட வேண்டாம், அந்த ரூ.1,80,540 முழுவதையும் உங்கள் பாக்கியிலிருந்து கழித்துவிட்டோம். இணைத்துள்ள கிரெடிட் நோட் அதற்கான சீட்டு.

உங்கள் கணக்காளருக்கு:

பில் 118/25-26, தேதி 14-10-2025: மதிப்பு 1,53,000, வரி 27,540. இது உங்கள் புத்தகத்தில் அப்படியே இருக்கட்டும். நீக்க வேண்டாம்.

கிரெடிட் நோட் 07/25-26, தேதி 25-11-2025, பில் 118-க்கு எதிராக: மதிப்பு 1,53,000, வரி 27,540.

பில் 161/25-26, தேதி 25-11-2025, பில் 118-க்கு மாற்றாக: மதிப்பு 1,02,000, வரி 18,360.

கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் எங்கள் நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏறியுள்ளன. உங்கள் நவம்பர் 2பி-இல் இரண்டும் தெரியும். இந்த இரண்டால் உங்கள் இன்புட் நிகரமாக ரூ.9,180 குறையும். ஐ.எம்.எஸ்.-இல் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதைத் தவிரக் கையால் எதையும் ரிவர்ஸ் செய்ய வேண்டாம். பில் 118-க்கு நீங்கள் இன்புட் எடுக்காமல் விட்டிருந்தால், எதையும் ஏற்கும் முன் எங்களை அழையுங்கள்."

முதல் செய்தியைவிட இது பல மடங்கு நீளம். வியாபாரச் செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் உரிமையாளர் முதல் இரண்டு பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்; கணக்காளர் தன் பெயர் வரும் இடத்திலிருந்து தொடங்கலாம். யாருக்கும் தேவையில்லாத வரி இதில் இல்லை என்பதே என் எண்ணம்.

சில இடங்களில் நான் தயங்கித்தான் எழுதினேன். மன்னிப்பு அதில் ஒன்று. "தவிர்க்க முடியாத காரணங்கள்" என்று எழுதியது எனக்கே பிறகு உறுத்தியது. தவிர்க்கக்கூடிய காரணம்தான் அது. போன வருடப் பில்லைப் பிரதியெடுத்தோம் என்று உண்மையைச் சொன்னால் நிறுவனத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று எங்கள் முதலாளி முதலில் நினைத்தார். நான் சொன்னேன்: "சார், காரணம் சொல்லலைன்னா, போன வருஷப் பில்லும் இப்படித்தானோன்னு அவங்க யோசிப்பாங்க. போன வருஷம் 18 இருந்தது நிஜம். அதைச் சொன்னா அந்தச் சந்தேகம் வராது." அவர் ஒத்துக்கொண்டார். காரணம் சொல்வது நல்லெண்ணத்துக்காக மட்டும் இல்லை. தவறு எதுவரை பரவியிருக்கிறது, எதுவரை பரவவில்லை என்று வாங்கியவருக்கு அது காட்டுகிறது.

இன்னொரு தயக்கம் கடைசி வாக்கியத்தில். பழைய பில்லுக்கு இன்புட் எடுக்காதவர்களும் உண்டு. பில் தொகை தப்பு என்று அப்போதே தெரிந்து ஒதுக்கி வைத்தவராக இருக்கலாம். அவர் கிரெடிட் நோட்டை அப்படியே ஏற்றால், எடுக்காத இன்புட்டைத் திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும். முன்பு இதற்கு ஐ.எம்.எஸ்.-இல் வசதி இல்லை. 2025 அக்டோபரிலிருந்து, கிரெடிட் நோட்டை ஏற்கும்போதே எவ்வளவு இன்புட்டைக் குறைக்க வேண்டும் என்று வாங்கியவர் தானே குறிப்பிடலாம். ஒரு தாக்கல் காலம் வரை நிலுவையிலும் வைக்கலாம். ஆனால் இத்தனையையும் செய்தியில் எழுதினால், இன்புட் எடுத்த பெரும்பாலோருக்கும் அது குழப்பமாகிவிடும். அதனால் "அழையுங்கள்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினேன்.

காலக்கெடுவைச் செய்தியில் எழுதவில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது. 2025-26-ஆம் ஆண்டுப் பில்களுக்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு தவறு தெரிந்தால் நிலைமையே வேறு. விலையைக் குறைத்து வரியில்லாத வெறும் வியாபாரக் கிரெடிட் நோட் தரலாம். கட்டிய கூடுதல் வரியை இந்த வழியில் குறைத்துக்கொள்ள முடியாது. அப்படிப்பட்ட சீட்டைத் தரும்போது, "இதில் வரி கழிக்கப்படவில்லை, உங்கள் இன்புட்டில் மாற்றம் இல்லை" என்று வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் வாங்கியவர் தேவையில்லாமல் இன்புட்டைத் திருப்பிவிடுவார்.

குறைவாகப் பில் போட்டுவிட்டால் இந்தச் சீட்டே வேலைக்கு ஆகாது. அதற்கு டெபிட் நோட். இதிலும் ஒரு குழப்பம் சகஜம். கிரெடிட் நோட்டைப் பெற்ற பார்ட்டி, தன் மென்பொருளில் அதைக் கொள்முதல் கழிவாகப் பதிய டெபிட் நோட் என்ற வவுச்சரைத்தான் திறப்பார். பிறகு அதன் நகலை நமக்கு அனுப்பி, "எங்க டெபிட் நோட் போட்டாச்சு, உங்க கணக்குல எடுத்துக்குங்க" என்பார். அது அவர் புத்தகத்துக்கான பதிவு. ஜிஎஸ்டியில் சீட்டு தருகிறவர் எப்போதும் விற்றவர்தான். இரண்டையும் நம் பக்கம் பதிந்துவிட்டால் அந்தப் பார்ட்டியின் பாக்கியில் 1,80,540 இரண்டு தடவை கழிந்து நிற்கும். பேரேட்டில் பார்ட்டிக்கு நாம் பணம் தர வேண்டியதாகத் திடீரென்று காட்டினால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

டிசம்பர் 18 இரவு அந்தச் செய்தியை இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். கணக்காளர் மறுநாள் காலை, கையால் போட்டுவைத்த ரிவர்ஸை எடுத்தார், பழைய பில்லைப் புத்தகத்தில் மறுபடி ஏற்றினார், கிரெடிட் நோட்டையும் புதிய பில்லையும் பதிந்தார். 2பி-இல் எங்கள் பெயருக்கு எதிரே நிகரமாக 9,180 குறைவு. "ஒத்து வருதுங்க மேடம்" என்று எழுதியிருந்தார். உரிமையாளர் எதுவும் எழுதவில்லை. 1,20,360-க்கான பணம் வந்துவிட்டது, ஒரு சிறு தொகை குறைவாக.

குறைந்தது ஏன் என்று பார்த்தபோதுதான் நான் மறந்திருந்த ஒன்று தெரிந்தது. பழைய பில்லை அக்டோபரிலேயே புத்தகத்தில் ஏற்றியபோது, ஒப்பந்த வேலைக்கான டிடிஎஸ்ஸை 1,53,000-க்கு 2 சதவீதம் என்று 3,060 பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டியிருந்தார்கள். 1,02,000-க்கு வர வேண்டியது 2,040தான். இப்போது அதே 3,060-ஐ எங்கள் பணத்தில் கழித்திருந்தார்கள். கணக்காளரை அழைத்தேன். "ஆமாங்க, கட்டினது கட்டினதுதான். அடுத்த பில்லுல 1,020-ஐக் குறைச்சுப் பிடிச்சு நேர் பண்ணிக்கலாங்களா?" என்றார். சரி என்றேன்.

அன்றே எங்கள் அலுவலகத்தில் அந்தச் செய்தியின் மாதிரியைத் திறந்து, கணக்காளருக்கான பகுதியின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: "பழைய பில்லுக்கு டிடிஎஸ் ஏற்கெனவே பிடித்துக் கட்டியிருந்தால், எவ்வளவு என்று தெரிவியுங்கள், புதிய தொகைக்கு ஏற்ப எப்படி நேர்செய்வது என்று பேசிக்கொள்ளலாம்."